கழுத்தில் தொடங்கும் பேச்சு

சலூனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் காலையில் சொல்லப்படும் பேச்சு ஒரு தனிக் கலை என்பது என் எண்ணம். அதை மேடைப்பேச்சோடும் சேர்க்க முடியாது, வகுப்பறைப் பாடத்தோடும் சேர்க்க முடியாது. கேட்பவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பெரும்பாலும் இருபதைத் தாண்டாத வயது. அடுத்தவர் தலையைத் தொட்டே பழக்கமில்லாதவர்கள் அதில் பாதிப் பேர். வாடிக்கையாளர் வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடையில் எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம், ஏன் என்பதையெல்லாம் அவர்கள் கைக்குள் இறக்கிவிட வேண்டும். பல இடங்களில் சீருடை, நேரம், விடுப்பு, செல்போன் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது. இதை ஒரு கலையாகவே செய்பவர்கள் அபூர்வம். கோவையில் அப்படி ஒருவரைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஆண், பெண் இருபாலருக்குமான ஒரு சலூனின் மூத்த பயிற்சியாளர் அவர். கடை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அக்கா வணக்கம் சொன்னார். அதற்கு மேல் வரவேற்பு என்று எதுவும் இல்லை. எல்லாரையும் தலை அலசும் பேசினைச் சுற்றி நிற்க வைத்தார். ஒரு பையனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "சாஞ்சுக்கோ கண்ணு" என்றார். அவன் சாய்ந்ததும் பேசின் விளிம்பின் பள்ளத்தில் கழுத்து போய் உட்கார்ந்தது, மோவாய் மேலே தூக்கிக்கொண்டது. அக்கா பேசாமல் நின்றார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பையன் நெளிய ஆரம்பித்தான். "எங்க வலிக்குது?" என்று கேட்டார். அவன் பிடரியைக் காட்டினான். "நமக்கு இருபது வயசு. அம்பது வயசுக்கார அம்மா இங்க பத்து நிமிசம் படுத்திருந்தா?" என்று கேட்டுவிட்டு, ஒரு துண்டை எடுத்து நீளவாக்கில் மூன்றாக மடித்து, கழுத்துக்கும் பேசினுக்கும் நடுவில் கொடுத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே தள்ளிச் சாய்வைக் குறைத்தார். பையனின் தோள் தானாக இறங்கியது. அதை எல்லாரும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் காரணத்துக்கு வந்தார்.

காரணம் பெரியது. கழுத்தெலும்புக்குள் ஓடி மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இரண்டு உண்டு. கழுத்தை அளவுக்கு மீறிப் பின்னால் வளைத்து அப்படியே வைத்திருந்தால், சிலருக்கு அந்தத் தமனியின் உட்சுவர் கிழியலாம், ரத்த ஓட்டம் தடைபட்டுப் பக்கவாதம் வரலாம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் 1993இல் ஒரு மருத்துவ இதழில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து, சலூனின் பெயரே அந்த நிலைக்கு ஒட்டிக்கொண்டது. மிக அரிதாக நடப்பதுதான். அக்கா அதையும் மறைக்கவில்லை. "லட்சத்துல ஒருத்தருக்குன்னு வையுங்க. அந்த ஒருத்தர் யாருன்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லாருக்கும் துண்டு" என்றார். வயதானவர், கழுத்துத் தேய்மானம் உள்ளவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் பின்னால் சாய்க்காமல் முன்பக்கம் குனிய வைத்து அலசலாம், அல்லது வீட்டிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லலாம். அலசும்போது தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது, நாக்கு குழறுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னாலோ, அப்படி நமக்கே தெரிந்தாலோ, ஷாம்பு நுரையோடு இருந்தாலும் நிறுத்திவிட்டு மெதுவாக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பக் கூடாது.

இந்த வரிசைதான் என்னை அசத்தியது. முதலில் உடம்பு, அடுத்து கை, கடைசியில் காரணம். ஒரு விதியை வாயால் சொல்வதற்கு முன் அந்த விதி இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்பதை ஒருவன் கழுத்தில் உணர வைத்துவிட்டார். எடுத்த எடுப்பிலேயே பக்கவாதத்தைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் பயந்து போயிருப்பார்கள், பயந்த கை இறுகும். துண்டை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் கூட்டம் அதிகமான ஞாயிற்றுக்கிழமையில் துண்டு மறந்துபோகும்.

தண்ணீரையும் இதே முறையில்தான் சொன்னார். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். அக்கா அதற்கு மேல் ஒன்று சேர்த்தார். அலசி முடியும் வரை ஷவர் பிடித்த கையின் ஒரு விரல் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பக்கத்துப் பேசினில் யாரோ குழாயைத் திறந்தால் சூடு சட்டென்று மாறும். அந்த மாற்றம் வாடிக்கையாளர் தலைக்குப் போகும் முன் நம் விரலுக்குத் தெரிந்துவிட வேண்டும். காதோரம் வரும்போது அடுத்த கையைக் காதின் மேல் குவித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். "சூடு சரியாங்களா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. நெற்றியோரம் சரியாக இருக்கும் சூடு பிடரியில் அதிகமாகத் தெரியலாம். அதனால் பின்னால் போகும்போது இன்னொரு முறை கேட்க வேண்டும்.

தலை அலசுவதில் தொடங்கியவர்களில் உலகப் புகழ் பெற்றவரும் உண்டு. லண்டனின் விடால் சசூன் முடிவெட்டும் கலையையே மாற்றியவர் என்று உலகம் கொண்டாடுகிறது. அவர் 1942இல் தம் 14ஆம் வயதில் வைட்சேப்பல் பகுதியில் அடால்ஃப் கோஹன் என்பவர் கடையில் தொழில் கற்கப் போனார். கட்டணம் கட்ட வழியில்லை. திரும்பிப் போகும்போது உடன் வந்த தாய்க்காகக் கதவைத் திறந்து பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கோஹன் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டார் என்று சசூன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போரில் குண்டு விழும் காலத்திலும் தேய்த்த கால்சட்டை, துடைத்த ஷூ, சுத்தமான நகம் இல்லாமல் அந்தக் கடைக்குள் போக முடியாதாம். அவரும் ஆரம்பித்தது தலை அலசுவதில்தான். கோவையின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அக்கா சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் நினைவுக்கு வந்தது.

பேசினை விட்டு நாற்காலிக்கு வந்தபோது பேச்சின் நடை மாறியது. இங்கே அக்கா கேட்கக் கற்றுக்கொடுத்தார். வாடிக்கையாளரிடம் விசாரிக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் கேப்பைப் போர்த்தக் கூடாது என்பது அந்தக் கடையின் விதி. போர்த்திவிட்டால் ஒரு தலை மட்டும்தான் மிஞ்சும். தோள் அகலமா, ஒரு தோள் இறங்கியிருக்கிறதா, கழுத்து குட்டையா, புடவை கட்டுகிறவரா, கையில் ஹெல்மெட் இருக்கிறதா என்பதெல்லாம் மறைந்துபோகும். கண்ணாடியைப் பார்த்துப் பேசுவதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு சின்ன ஸ்டூலை இழுத்துப்போட்டு, வாடிக்கையாளரின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். "தலைக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா குளிப்பீங்க? எண்ணெ வெப்பீங்களா? காலைல தலை சீவ எவ்வளவு நேரம் இருக்கும் உங்களுக்கு?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் கத்தரி எடுக்கக் கூடாது. தினமும் ஹெல்மெட் போட்டுப் போகிறவருக்கு உச்சியில் தூக்கி நிற்கும் வெட்டு மதியம் வரைகூடத் தாங்காது.

நீளத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. "ரெண்டு இஞ்ச் எடுங்க" என்று சொல்கிறவரின் இரண்டு இஞ்ச் நம்முடைய இரண்டு இஞ்ச் இல்லை. அதனால் எண்ணை நம்பாமல், முடியை விரலிடுக்கில் பிடித்து, வெட்டிய பின் நுனி எங்கே வந்து நிற்குமோ அந்த இடத்தைத் தோளிலோ கழுத்திலோ தொட்டுக் காட்டி, சரி என்று வாங்க வேண்டும். அதையும் முடி காய்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். நனைந்த முடி நீளும், காய்ந்தால் ஏறும், சுருட்டை முடி என்றால் மிகவும் ஏறும். ஈரத்தில் சரியாக வெட்டியதாக நினைத்து, உலர்த்தியதும் காதுக்கு மேல் போய் நிற்கும் முடியை ஒட்டவைக்க எந்த மாஸ்டராலும் முடியாது.

அடுத்து வந்தது சாயம். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இதற்குத்தான் கொடுத்தார். ஒரு வாடிக்கையாளர் வருகிறார் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நாற்பது வயதுப் பெண்மணி, அடுத்த வாரம் வீட்டில் விசேஷம், முடியை வெளுக்க வைத்து இளம் பழுப்பில் கோடு கோடாக வேண்டும் என்கிறார். இதுவரை என்ன போட்டிருக்கிறீர்கள் என்றால், "மருதாணி மட்டும்தான், வேற கெமிக்கலே தொட்டதில்ல" என்கிறார். இப்போது என்ன செய்வீர்கள்?

ஒரு பெண், மருதாணி இயற்கைதானே, சாயம் போடலாம் என்றாள். அக்கா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. மருதாணி என்று வாடிக்கையாளர் சொல்லும் பொருள் நான்கு விதமாக இருக்கலாம் என்றார். முதலாவது, செடியிலிருந்து பறித்து அரைத்த இலை. அதன் மேல் சாயம் ஏறும், ஆனால் வெளுக்க வைப்பது கடினம், செம்மை போகாது. இரண்டாவது, மருதாணியோடு அவுரிப் பொடி கலந்தது. நம் ஊரில் நிறையப் பேர் நரைக்கு இதைத்தான் போடுகிறார்கள். அவுரி நீலச்சாயம். வெளுப்பான் போட்டால் மேலேயிருக்கும் செம்மை விலகி அடியிலிருக்கும் நீலம் பச்சையாகத் தலைகாட்டும். மூன்றாவது, உலோக உப்பு கலந்த பொடி. நான்காவது, கருப்பு மருதாணி என்று பாக்கெட்டில் விற்பது. அதில் கருப்பைத் தருவது மருதாணியே அல்ல, பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனம். அதனால் அடுத்த கேள்வி, "அந்தப் பாக்கெட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பறீங்களா?" என்பதாக இருக்க வேண்டும். பாக்கெட் இல்லை என்றால் முடியிடமே கேட்க வேண்டியதுதான்.

முடியிடம் கேட்பதை அவர் செய்தே காட்டினார். ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் 20 வால்யூம் டெவலப்பர் 30 மில்லி. 20 வால்யூம் என்றால் ஆறு சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அதில் அடர் அம்மோனியாக் கரைசல் இருபது சொட்டு. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கலந்தார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த சிறு முடிக்கற்றைகளை நூலால் கட்டித் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டார். அரை மணி நேரம் ஊற வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. ஒரு கிண்ணத்தில் குமிழ் கிளம்பியது. கிண்ணத்தின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பு கூடிக்கொண்டே போனது. கற்றையைச் சீப்பின் வாலால் எடுத்து இழுத்தபோது நனைந்த நூல்போல இற்று வந்தது. செம்பு உப்பு உள்ள முடி அப்படித்தான் நடந்துகொள்ளும். ஈயம் கலந்ததாக இருந்தால் போட்ட உடனே நிறம் வெளிறும். வெள்ளி உப்பு பூசியிருந்தால் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும், ஊறி முடித்தாலும் நிறம் துளிகூட இறங்காது. எந்த உப்பும் இல்லாத முடி அரை மணியில் லேசாக வெளுத்து, இழுத்தால் இழுப்புக் கொடுத்துத் திரும்பும். "இப்ப அந்தக் கிண்ணத்துல நடந்தது ஒரு அம்மா தலையில நடந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். மணிப்பூரிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களுக்காக அதையே இந்தியில் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அவர்கள் இன்னொரு தடவை கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

முடி பதில் சொல்லிவிட்டாலும் தோல் பதில் சொல்ல வேண்டும். பி.பி.டி. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அது வாழ்நாளுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. கல்யாணத்தில் கையில் கருப்பு மெஹந்தி போட்டுக்கொண்டபோது தொடங்கிய ஒவ்வாமை, வருடங்கள் கழித்துத் தலைச்சாயத்தில் முகம் வீங்கும் அளவுக்கு வெளிப்படலாம். அதனால், "கைக்குக் கருப்பு மெஹந்தி போட்டப்ப அரிச்சுதாங்களா?" என்பதும் விசாரணையில் ஒரு கேள்வி. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ, சாயத்தின் கவரில் சொல்லியபடி கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் விட வேண்டும். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் எதுவும் வந்தால் சாயம் கிடையாது. ஏன் இரண்டு நாள் என்பதையும் விளக்கினார். இந்தவகை ஒவ்வாமை கொசுக்கடிபோல உடனே தெரிவதில்லை, உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு எதிர்க்க ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று தொடங்குவது சோதனையே அல்ல. சோதனையில் ஒன்றும் வராவிட்டாலும் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். போன முறை ஒத்துக்கொண்டவருக்கு இந்த முறை ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.

ஆக, அந்தப் பெண்மணிக்கு இன்றைக்குச் சாயம் இல்லை. விசேஷம் அடுத்த வாரம்தான், இரண்டு நாள் கழித்து வரலாம். கிண்ணத்தில் முடி இற்றுப்போனால் அடுத்த வாரமும் இல்லை. சாயமேறிய பகுதி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போகும் வரை காத்திருக்க வேண்டும். முடி மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு பையன் தயங்கித் தயங்கி, "அவங்க பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்களேக்கா?" என்றான். அக்காவின் பதில்தான் அந்தப் பேச்சின் உச்சம் என்று நினைக்கிறேன். "போகட்டும் கண்ணு. நீ வேண்டாம்னு சொல்லி ஒரு கலர் நின்னுபோச்சுன்னா உன் கணக்குல ஒரு ரூபா குறையாது. எழுதி வெச்சிருக்கேன், பார்த்துக்கோ" என்று சுவரில் மாட்டியிருந்த ஊக்கத்தொகைப் பட்டியலைக் காட்டினார். சோதனையில் நிறுத்திய வேலையும் அதில் செய்த வேலையாகவே கணக்கில் ஏறும் என்று ஒரு வரி இருந்தது. தரத்தைப் பற்றி எத்தனையோ நிறுவனங்கள் சுவரில் எழுதி வைக்கின்றன. அந்தத் தரம் சம்பளக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிய பேச்சை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பிளேடு பற்றி அதிகம் பேசவில்லை. ஆளுக்கு ஒரு புது பிளேடு, உறையை வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், முடிந்ததும் குத்தினாலும் துளை விழாத டப்பாவில் போட வேண்டும். காய்ந்துபோன ரத்தத்தில்கூட மஞ்சள் காமாலை பி வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும் என்ற ஒரு தகவல் போதுமானதாக இருந்தது.

தலையைத் தொடுவதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. நம் ஊரில் தலை ஒருவரின் மானத்தோடு சேர்ந்தது. ஆசீர்வாதத்துக்கும் அடிக்கும் தவிர அடுத்தவர் கை அங்கே போவதில்லை. "தொடலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் விரல் படவேண்டும். பேன் இருந்தால் முகம் மாறக் கூடாது, பக்கத்து நாற்காலிக்குக் கேட்கவும் கூடாது. சீப்பைத் தனியாக வைத்துவிட்டு, எதிரே வந்து குனிந்து, "தலையில பேன் இருக்குதுங்க, மருந்து போட்டு சரியானதும் வாங்க, நானே பண்ணி விடறேன்" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி, மறுபடி வருவதற்கான தேதியையும் அப்போதே குறித்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தேதிதான் அவரைத் திரும்ப வர வைக்கும் என்றார். எனக்கு அது ஆழமான வாக்கியமாகப் பட்டது. வெட்கத்தோடு வெளியே போகிறவருக்கு, இந்தக் கதவு உங்களுக்குத் திறந்துதான் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது.

பிறகு சாதி. அக்கா சுற்றி வளைக்கவில்லை. இந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்தவர்கள் ஒரு காலத்தில் வைத்தியமும் பார்த்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவமும் பார்த்தார்கள், அப்படியிருந்தும் ஊர் அவர்களைத் திண்ணைக்கு மேல் ஏற்றவில்லை. அந்த மக்களின் கையைக் கொண்டே இன்னும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு முடிவெட்ட மறுக்கவும் வைத்தது. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த கடை என்று இன்றும் பத்திரிகையில் செய்தி வருகிறது. "இங்க நாற்காலி யார் முதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு. பேர் கேட்டு எழுதறோம், ஊர் கேட்கமாட்டோம். கூட வேலை பாக்கறவங்ககிட்டயும் கேட்கக் கூடாது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரில் பரம்பரையாக இந்தத் தொழிலிலிருந்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே வாக்கியம் தேவைப்பட்டது, ஒரே வாக்கியமாகவே கொடுத்தார்.

கடைசியில் சந்தேகம் கேட்கச் சொன்னார். எல்லாரும் கேட்க நினைத்ததை ஒரு பெண் கேட்டாள். கத்தரி எப்பக்கா கையில் வரும்? முதல் மூன்று மாதம் பேசினும் துண்டும், அடுத்து டிரையரும் பிரஷும், அதற்குப் பிறகு பொம்மைத் தலை, அதில் அக்கா சரி என்ற பின் இலவசமாக வெட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் மனிதத் தலை என்று வரிசையைச் சொன்னார். அடுத்து ஒருவன் டிப்ஸைப் பற்றிக் கேட்டான். வெட்டுகிறவர் கைக்குத்தான் போகுமா? இல்லை, எல்லாம் ஒரே பெட்டி, சனிக்கிழமை ராத்திரி பிரிப்போம், பேசினில் நிற்பவர்களுக்கும் மாஸ்டருக்கும் அதில் சம பங்கு என்றார் அக்கா. அந்தப் பையன் பக்கத்தில் நின்றவனிடம், நாற்காலியில் கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தானே அவனிடம், துண்டை எப்படி மூன்றாக மடித்தார் என்று காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான்.